வேலையை விட்டுப் போகிறவரிடம் பேசியதை எழுதுவது எப்படி: எக்சிட் இன்டர்வியூ சுருக்கமும் இறுதி மதிப்பீடும்

திருப்பூர் பக்கம் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் எச்.ஆர். வேலை பார்த்து வருகிறேன். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் திரும்பத் திரும்ப வரும் ஆள் ஒருவரே: ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு நவம்பரில் விலகிய ஒரு மெர்ச்சண்டைசர். பையர், அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், கொடுக்கும் ஆர்டரைச் சரக்கு கிளம்பும்வரை பின்தொடர்வது அவர் வேலை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எக்சிட் இன்டர்வியூ, இறுதி மதிப்பீடு ரெண்டும் ஒண்ணுதானே? ஒரே ஃபைல்ல எழுதிடலாமா?

கூடாது. நேர்காணல் சுருக்கத்தில் அவர் கம்பெனியைப் பற்றிச் சொல்வது இருக்கும். மதிப்பீட்டில் கம்பெனி அவர் வேலையைப் பற்றிச் சொல்வது இருக்கும். முதலாவதைப் படிக்க வேண்டியவர்கள் எச்.ஆரும் முதலாளியும். இரண்டாவது அவருடைய பணிப் பதிவேட்டில் உட்காரும். நாளைக்கு வேறு கம்பெனி விசாரித்தால் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

ஒரே தாளில் எழுதினால் ஒரு விபத்து நடக்கும். மேனேஜரைப் பற்றி அவர் சொன்ன குறை, மேனேஜர் அவருக்குப் போட வேண்டிய மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும். படித்த மேனேஜர் என்ன மதிப்பெண் போடுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் மேனேஜரிடமிருந்து மதிப்பீட்டை முதலில் வாங்கிவிடுங்கள். நேர்காணலை அதற்கு அப்புறம் வையுங்கள்.

கடைசி நாள் ஐடி கார்டு வாங்கும்போதே பேசிட்டா போதாதா?

அன்றைக்கு அவர் கையில் நோ டியூஸ் ஃபாரம் இருக்கும், வாசலில் நண்பர்கள் கேக்கோடு நிற்பார்கள். "எல்லாம் நல்லா இருந்துச்சுங்க சார்" என்பதற்கு மேல் எதுவும் வராது. ராஜினாமா கொடுத்த அன்றும் வேண்டாம், கோபம் சூடாக இருக்கும். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நேரடி மேனேஜர் அந்த அறையில் இருக்கக் கூடாது, கண்ணாடிக்கு வெளியே நடமாடவும் கூடாது. எங்கள் அலுவலகத்தில் கண்ணாடி இல்லாத அறை சாம்பிள் ரூம் மட்டும்தான். தொங்கும் டி-ஷர்ட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பேசினோம்.

எல்லாருமே "சம்பளம் பத்தல"ன்னுதான் சொல்றாங்க. அதையே எழுதிடலாமா?

எழுதலாம், ஆனால் அது பதிலின் முதல் வரிதான். புது இடத்தில் ஐயாயிரம், பத்தாயிரம் கூடுதலாகத் தராமல் யாரும் மாற மாட்டார்கள். அதனால் விலகுகிறவர் எல்லோருக்கும் "சம்பளம்" என்ற பதில் பொருந்தும். சண்டை வராத பதிலும் அதுதான்.

நம் மெர்ச்சண்டைசரும் அதையேதான் சொன்னார். மாதம் 8,000 ரூபாய் கூட என்றார். ஆனால் ராஜினாமா வந்த வாரமே முதலாளி அவரைக் கூப்பிட்டு, அந்த 8,000-ஐ நாமே தருகிறோம் என்று சொல்லியிருந்தார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அப்படியானால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

இந்த இடத்தில் "ஏன் போறீங்க" என்று மறுபடி கேட்டுப் பயனில்லை. நான் கேட்பது இது: "வேற வேலை பாக்கலாம்னு முதல் தடவை எப்ப தோணுச்சு?" தேதியைக் கேட்டால் காரணம் தானாக வரும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஜூலை ரிவ்யூ மீட்டிங் சார். அந்த ஏர் ஷிப்மெண்ட் செலவை என் பேர்ல எழுதினாங்கல்ல, அன்னிக்கு ராத்திரிதான் பயோடேட்டாவை எடுத்துத் திருத்துனேன்."

இதைப் புரிந்துகொள்ளத் தொழில் விவரம் கொஞ்சம் வேண்டும். பையர் கேட்ட நிறத்தில் டையிங் யூனிட் முதலில் சின்னத் துண்டுத் துணியில் சாயம் ஏற்றிக் காட்டும். அதுதான் லேப் டிப். அதை கூரியரில் அனுப்பி, பையர் சரி என்ற பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்துக்குப் போகும். வேலை அட்டவணையில், அதாவது டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டரில், இதற்குப் பத்து நாள் போட்டிருந்தோம். (எங்கள் ஊரில் அதை டிஎன்ஏ என்பார்கள், மரபணு பரிசோதனை என்று புதிதாக வந்தவர்கள் மிரள்வதுண்டு.) பையர் நிறத்தைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு பத்து நாள். அந்த இரண்டாவது பத்து நாளுக்கு அட்டவணையில் இடமே இல்லை. நாள் தள்ளிப்போய்க் கப்பலைத் தவறவிட்டால் சரக்கு விமானத்தில் போகும், செலவு நம்முடையது. மீட்டிங்கில் அந்தச் செலவுக்கு நேராக "பொறுப்பு: மெர்ச்சண்டைசர்" என்று எழுதியிருந்தார்கள்.

ஆக, சம்பளம் அவரை அங்கே இழுத்தது. இங்கிருந்து தள்ளியது ஜூலை மீட்டிங். சுருக்கத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். நாம் எதையாவது மாற்ற முடியும் என்றால் அது இரண்டாவதில்தான்.

அவர் சொல்றது நிஜமான்னு எப்படித் தெரியும்? போறவங்க கொஞ்சம் கூட்டித்தானே சொல்வாங்க?

கூட்டித்தான் சொல்வார்கள், அது மனித இயல்பு. ஆகவே சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்திலேயே நீங்கள் சரிபார்த்ததையும் எழுதுங்கள். சரிபார்க்காத நேர்காணல் சுருக்கம், டீக்கடைப் பேச்சை டைப் அடித்து வைத்தது மாதிரி.

இவர் இரண்டு விஷயம் சொன்னார். "எல்லா ஆர்டர்லயும் லேப் டிப் ரெண்டாவது தடவை போகுது" என்பது ஒன்று. "லேட் ஆகும்னு ஒவ்வொரு தடவையும் புரொடக்‌ஷனுக்கு முன்கூட்டியே சொன்னேன்" என்பது இன்னொன்று. மின்னஞ்சலைத் திறந்து அவர் பார்த்த கடைசி 12 ஆர்டர்களை எடுத்துப் பார்த்தேன். அரை நாள் வேலை. 7 ஆர்டரில் லேப் டிப் திரும்பி வந்து மறுபடி போயிருந்தது. அந்த ஏழில் இரண்டு விமானத்தில் போயின; மற்ற ஐந்தில் கட்டிங், தையல் நாட்களைக் கடித்து ஈடுகட்டியிருந்தார்கள். "எல்லா ஆர்டரும்" என்பது மிகை. ஆனால் பன்னிரண்டில் ஏழு என்பது பெரிய விஷயம். அட்டவணை போட்டவர் அதைக் கணக்கில் எடுக்காதது அதைவிடப் பெரிது.

இரண்டாவது சொன்னது அவ்வளவு நிற்கவில்லை. ஏழில் மூன்று ஆர்டருக்குத்தான் அவர் முன்கூட்டி அனுப்பிய மெயில் கிடைத்தது. மற்ற நான்கும் வாய்ச்சொல்லாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதையும் அப்படியே எழுதினேன்.

சரிங்க, சுருக்கத்தை எப்படி எழுதறது? மாதிரி ஒண்ணு காட்டுங்களேன்.

முதலில் எழுதக் கூடாத மாதிரி. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஃபைலில் இருந்தது இது:

"ஊழியர் சிறந்த வாய்ப்புக்காக விலகுகிறார். நிர்வாகத்துடன் நல்லுறவு இருந்தது. தகவல் தொடர்பில் முன்னேற்றம் தேவை என்று கருதுகிறார்."

இந்த மூன்று வரியை எந்தக் கம்பெனியின் எந்த ஊழியருக்கும் ஒட்டலாம். "தகவல் தொடர்பில் முன்னேற்றம்" என்று படித்துவிட்டு நாளைக் காலை யார் என்ன செய்வார்? நான் எழுதியது இப்படி இருந்தது:

> அவர் சொன்னது: ஜூலை ரிவ்யூ மீட்டிங்குக்குப் பிறகுதான் வேறு வேலை தேடத் தொடங்கினார். லேப் டிப் திரும்பி வருவதால் ஆகும் தாமதத்துக்குத் தன்னைப் பொறுப்பாக்குவதாகவும், ஆனால் டையிங் யூனிட்டை மாற்றவோ கட்டிங் தேதியைத் தள்ளவோ தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். "திட்டு வாங்கற வேலை எனக்கு, முடிவு எடுக்கற வேலை இன்னொருத்தருக்கு."
>
> சரிபார்த்தது: கடைசி 12 ஆர்டரில் 7-இல் இரண்டாம் முறை லேப் டிப் போயிருக்கிறது. அட்டவணையில் அதற்கு நாள் இல்லை. 2 ஆர்டர் விமானத்தில் போயின. முன்கூட்டி எச்சரித்த மெயில் 3 ஆர்டருக்கு இருக்கிறது, 4-க்கு இல்லை.
>
> என் கருத்து: தாமதத்தின் முதன்மைக் காரணம் அட்டவணை. எச்சரிக்கை எழுத்தில் வராததும் ஒரு பங்கு. சம்பளத்தைச் சமன்செய்தும் அவர் நிற்காததால், அதை முதல் காரணமாக நான் எடுக்கவில்லை.

மூன்று பகுதியும் கலக்காமல் இருப்பதுதான் இதில் முக்கியம். அவர் வாய்மொழியை ஒரு வரியாவது மேற்கோளில் போடுங்கள். நீங்கள் மெருகேற்றி எழுதும் பத்து வரியைவிட முதலாளியின் காதில் அது ஏறும். அளவு ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.

மேனேஜர் பேரைச் சொல்லி வாய்க்கு வந்தபடி திட்டுறார். அதை எழுதலாமா?

நடந்ததை எழுதுங்கள், பட்டத்தை விடுங்கள். "அவன் ஒரு சாடிஸ்ட் சார்" என்பது பட்டம். "எப்ப, எங்க, என்ன சொன்னார், பக்கத்துல யார் இருந்தாங்க?" என்று கேட்டால் சம்பவம் வரும், அல்லது வராது. வந்தால் தேதியோடு எழுதுங்கள். வரவில்லையென்றால் "குறிப்பிட்ட நிகழ்வு எதுவும் சொல்லவில்லை" என்று எழுதுங்கள்.

ஒரே ஒருவர் சொன்னதை வைத்து மேனேஜரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். அதே பிரிவிலிருந்து முன்பு போனவர்களின் சுருக்கங்களை எடுத்துப் பாருங்கள். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மாதத்தில், ஒரே மாதிரிச் சம்பவத்தைச் சொல்லியிருந்தால் அது கவனிக்க வேண்டியது.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு சொன்னா என்ன செய்யறது?

பேச ஆரம்பிக்கும் முன்பே எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நாலே நாலு மெர்ச்சண்டைசர் இருக்கும் இடத்தில் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் யார் என்று தெரியாமல் போய்விடாது. அந்த வாக்குறுதியைக் கொடுத்து ஏமாற்றக் கூடாது. நான் சொல்வது: "நீங்க சொல்றதை முதலாளி படிப்பார். உங்க மேனேஜருக்குத் தாளைக் காட்ட மாட்டேன். எழுத வேண்டாம்னு சொல்றதை எழுத மாட்டேன். ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த வாக்கு செல்லாது."

அந்த ஒரு விஷயம் பாலியல் தொல்லை. இந்தியாவில் பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். போகிற பெண் அப்படி ஒன்றைச் சொன்னால், நேர்காணல் சுருக்கத்தில் ஒரு வரியாக எழுதி மூடிவிடக் கூடாது. குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், வேலையை விட்ட பிறகும் கொடுக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். எழுத உதவி கேட்டால் செய்யுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். நாள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அன்றே சொல்வது அவசியம். புகாரின் விவரத்தையும் அவர் பெயரையும் வெளியிடுவதற்கு அதே சட்டத்தில் தடை இருக்கிறது. பொது ஃபைலில் அது ஏறவே கூடாது.

போற ஆளுக்கு மதிப்பீடு எதுக்கு? இன்கிரிமெண்ட்டா கொடுக்கப் போறோம்?

ஏப்ரலில் தொடங்கிய வருடத்தில் ஏழு மாதம் அவர் வேலை செய்திருக்கிறார். அந்த ஏழு மாதத்துக்கு ஒரு பதிவு வேண்டாமா? இரண்டு வருடம் கழித்து அவரே திரும்ப வர விரும்பும்போது, அன்றைய மேனேஜரும் மாறிப்போயிருப்பார். கையில் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ராஜினாமா கொடுத்த அன்றே ஆள் கெட்டவராகிவிடுகிறார். நம் ஆளுக்குப் போன வருட மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. மேனேஜர் இப்போது போட்டு அனுப்பியது இரண்டு. குறிப்பு: "சமீபத்தில் ஈடுபாடு குறைந்துள்ளது." நான் திருப்பி அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எந்த ஆர்டரில்?

இரண்டு நாள் கழித்து ஒரு ஆர்டரோடு வந்தார். நோட்டீஸ் காலத்தில் மெயின் லேபிள் 2,000 குறைவாக ஆர்டர் செய்யப்பட்டு, பேக்கிங் ஒரு நாள் நின்றிருக்கிறது. அது உண்மையான தவறு, எழுத வேண்டியது. ஆனால் ஏழு மாதத்தில் அது ஒன்று. அவர் கையில் போன மற்ற ஆர்டர்களில் லேபிள், பட்டன் மாதிரியான டிரிம்ஸ் குறைந்ததாக மேனேஜரால் வேறு எதையும் காட்ட முடியவில்லை. கடைசியில் பதிவான வரிகள் இவை:

> ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சாம்பிள் பணியும் பையர் தொடர்பும் நன்று. ஒப்புதலுக்காக பையரிடமிருந்து வந்த கேள்விகளுக்கு பெரும்பாலும் அன்றே பதில் போயிருக்கிறது. தாமத எச்சரிக்கைகளை எழுத்தில் பதிவு செய்வதில் ஒழுங்கு போதாது. நோட்டீஸ் காலத்தில் ஒரு ஆர்டரில் மெயின் லேபிள் 2,000 குறைந்தது. பேக்கிங் ஒரு நாள் நின்றது. விமானச் செலவு ஏற்பட்ட இரண்டு ஆர்டர்களின் தாமதம் அட்டவணையால் நேர்ந்தது என்பதால் இங்கே கணக்கில் எடுக்கவில்லை. மதிப்பெண்: 4.

அந்தக் கடைசிக்கு முந்தைய வாக்கியத்துக்காகத்தான் மேனேஜரோடு ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. மூன்றரை போடலாம் என்றார். எங்கள் படிவத்தில் அரை மதிப்பெண் கிடையாது.

"மறுபடி எடுக்கலாமா"ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போடறது?

ஆமாம், இல்லை, நிபந்தனையோடு. எதுவாக இருந்தாலும் காரணம் ஒரு வரி. கோபத்தில் "இல்லை" போடும் மேனேஜரைக் காரணம் எழுதச் சொன்னாலே பாதிப் பேர் "ஆமாம்" என்று மாற்றிவிடுவார்கள்.

மதிப்பீட்டை அவர்கிட்ட காட்டணுமா?

மதிப்பீட்டைக் காட்டுங்கள், கையெழுத்து வாங்குங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் கருத்தை அடியில் எழுத இடம் விடுங்கள். இவர் லேபிள் விஷயத்துக்குக் கீழே "ஹேண்ட்ஓவர் அன்று கூட யாரும் ஒதுக்கப்படவில்லை" என்று எழுதினார். அதுவும் நிஜம்தான்.

நேர்காணல் சுருக்கத்தில் "அவர் சொன்னது" பகுதியை மட்டும் படித்துக் காட்டிச் சரியா என்று கேட்கலாம். என் கருத்துப் பகுதி அவருக்கானது அல்ல.

கையெழுத்துப் போடாம போறேன்னா செட்டில்மெண்ட்டை நிறுத்தி வெக்கலாமா?

கூடாது. நேர்காணல் அவர் விருப்பம். பணம் அவர் உரிமை. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு, அது 30 நாளுக்குள். இவருக்கு ஆறு வருடம் என்பதால் அதையும் கொடுத்தோம். பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கும் நேர்காணலில் ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள், அது வேறு.

எழுதி எழுதி அலமாரில அடுக்கறோம். இதனால கம்பெனிக்கு என்னங்க கிடைச்சுது?

அடுக்கினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு சுருக்கத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு பாடம் மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. வருடக் கடைசியில் சதவீதம் போட்டு ஸ்லைடு காட்டும் ஆசை வரும். ஆறு பேர் போன இடத்தில் "50% பேர் மேனேஜரால் விலகினர்" என்றால் மூன்று பேர் என்று அர்த்தம். மூன்று பேர் என்றே எழுதுங்கள்.

இந்த விஷயத்தில் நான் கேட்டது, அட்டவணையில் இரண்டாவது லேப் டிப்புக்கும் பத்து நாள் சேர்க்க வேண்டும் என்று. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பையர் கொடுக்கும் மொத்த நாளே 75. அதில் பத்தை எடுத்தால் தையலுக்கு என்ன மிஞ்சும் என்றார். நியாயம்தான். பேசிப் பேசி வேறு இடத்தில் வந்து நின்றோம். டையிங் யூனிட்டிலிருந்து ஒரு நிறத்துக்கு ஒரே துண்டு அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட மூன்று துண்டுகளை முதல் கூரியரிலேயே அனுப்புவது. என்ன நிறம் என்று பையர் சொன்னவுடன், ஆர்டர் தாள் கைக்கு வரும்வரை காத்திராமல் லேப் டிப்பைத் தொடங்குவது. பொறுப்பு சாயப் பிரிவு ஒருங்கிணைப்பாளருக்கு, தேதி ஜனவரி 15. இரண்டாவது பாடம் ரிவ்யூ தாளில்: ஏர் ஷிப்மெண்ட் செலவுக்கு நேரே ஆள் பெயருக்குப் பதிலாக, தாமதம் எந்தக் கட்டத்தில் தொடங்கியது என்று எழுத வேண்டும். பொறுப்பு எனக்கு.

ஜனவரிக்குப் பிறகு வந்த முதல் எட்டு ஆர்டரைப் பார்த்தேன். இரண்டில்தான் லேப் டிப் திரும்பி வந்தது. எட்டை வைத்துக்கொண்டு தம்பட்டம் அடிக்க முடியாது, அடுத்த சீசனிலும் எண்ண வேண்டும்.

படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நேர்காணலின் முடிவில் கேட்டேன்: "உங்களுக்கு மட்டும் தெரிஞ்சு, இங்க வேற யாருக்கும் தெரியாதது என்ன?" அவர் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். எந்த பையருக்கு நீலத்தில் பச்சை சாய்ந்தால் ஆகாது, எவர் கறுப்பைத் துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார், எல்லாம் ஆறு வருடமாக எழுதி வைத்திருந்தார். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். "நோட்டையே வெச்சுக்கங்க சார்" என்றார். இப்போது அது நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸ் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. புதிதாக வந்த பெண் அதில் ஏழு பக்கம் சேர்த்துவிட்டார்.